மூன்று வெட்டிவேர் சென்ட், மூன்று சாம்பிள் குப்பி: சென்னை வெயிலில் எது தாங்கும்?

வெட்டிவேரை மையமாக வைத்த ஆண்களுக்கான பெர்ஃப்யூம்களில் மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப அடிபடும். கெர்லான் நிறுவனத்தின் வெட்டிவர், ஹெர்மெஸின் டெர் டி ஹெர்மெஸ், லாலிக்கின் ஆங்க்ர் நுவார். இதில் கெர்லான் அறுபது ஆண்டுகளைத் தாண்டிய பழைய ஆள். மற்ற இரண்டும் 2006-ல் வந்தவை. முழுப் புட்டி வாங்கும் முன் மூன்றிலும் 2 மி.லி. சாம்பிள் வரவழைத்து, ஒவ்வொன்றையும் ஒரு வாரம் போட்டுப் பார்த்தேன்.

ஏன் 2 மி.லி.? ஸ்ப்ரே மூடி உள்ள சின்னக் குப்பியில் அந்த அளவுக்கு ஏறத்தாழ 25 முதல் 30 அழுத்தல் கிடைக்கும். ஒரு நாளைக்கு நான்கு அழுத்தல் என்றால் ஒரு வாரத்துக்குச் சரியாக இருக்கும். 1 மி.லி. வாங்கினால் மூன்று, நான்கு நாளில் தீர்ந்துவிடும். மூன்றும் ஸ்ப்ரே குப்பியாகவே இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். தொட்டுத் தடவும் குச்சி வைத்த குப்பியில் தோலில் விழும் அளவு குறைவு, பரவும் இடமும் சிறியது. ஒன்றைத் தடவி, இன்னொன்றை அடித்து ஒப்பிட்டால் தடவியது பாவம், எப்போதும் தோற்கும்.

ஆர்டர் போடும்போது பெயரை முழுசாகப் படியுங்கள். டெர் டி ஹெர்மெஸ் என்ற பெயரிலேயே செறிவு குறைந்த வகையான ஓ டி டாய்லெட் இருக்கிறது, 2009-ல் வந்த செறிவு கூடிய பர்ஃபம் இருக்கிறது, 2018-ல் வந்த ஓ இன்டென்ஸ் வெட்டிவர் இருக்கிறது. மூன்றும் வேறு வேறு வாசனை. நான் எடுத்தது ஓ டி டாய்லெட். மற்ற இரண்டு நிறுவனத்திலும் அதே வகைதான். விற்பவர் பெரிய புட்டியிலிருந்து பிரித்து ஊற்றித் தருபவராக இருந்தால், புட்டியின் அடியில் உள்ள பேட்ச் எண்ணோடு படம் கேளுங்கள். அதுவே முழு உத்தரவாதம் ஆகாது. அதனால் குப்பி வந்ததும் ஒரு நல்ல கடைக்குப் போய், அங்குள்ள டெஸ்டரை ஒரு காகிதப் பட்டையிலும் குப்பியில் உள்ளதை இன்னொரு பட்டையிலும் அடித்து, உடனேயும் ஒரு மணி நேரம் கழித்தும் முகர்ந்து பார்ப்பது நல்லது. போலியாக இருந்தால் பெரும்பாலும் முதல் நிமிடத்தில் தெரியாது, ஒரு மணி நேரத்துக்குப் பிறகுதான் குட்டு வெளிப்படும். முதல் இரண்டு அழுத்தலைக் காற்றில் விட்டுவிடுங்கள். புது மூடியின் குழாயில் இருக்கும் பிளாஸ்டிக் வாடை அதோடு போய்விடும்.

சரி, போட்டுப் பார்த்த கதைக்கு வருவோம். தினமும் குளித்ததும் வாசனையில்லாத சோப்பு, துவைத்த சட்டை, கழுத்தில் இரண்டு, முன்கைகளில் ஒவ்வொன்று. கால் மணி நேரம், இரண்டு மணி நேரம், ஆறு மணி நேரம் கழித்து ஒரு வரிக் குறிப்பு. சட்டையில் அடிக்கவில்லை, மரவாசனைகள் பருத்தித் துணியில் மறுநாள் வரை தங்கிவிடும், நேற்றைய வாசனைக்கு இன்று மதிப்பெண் போட வேண்டியிருக்கும். ஒரு பெர்ஃப்யூமுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இரண்டு நாள் எதுவும் போடவில்லை. ஒரே வாசனையோடு நாள்கணக்கில் இருந்தால் மூக்கு அதைக் கவனிப்பதை நிறுத்திவிடும் என்பதால் இந்த இடைவெளி.

டெர் டி ஹெர்மெஸ் ஆரஞ்சுத் தோலும் கிரேப்ஃப்ரூட் கசப்புமாகத் தொடங்குகிறது. அரை மணி நேரத்தில் அது இறங்கி, மிளகும், உரசிய சிக்கிமுக்கிக் கல்லும் போல ஒரு வறண்ட வாசனை, அதன் கீழே தேவதாரு, வெட்டிவேர். அழகான கட்டுமானம். இதை உருவாக்கியவர் ஜான்-க்ளோட் எலெனா. ஆனால் மூன்று மணி நேரத்துக்குப் பிறகு எனக்கு எதுவும் வரவில்லை. இது நாலு மணி நேரம்கூட நிற்காது என்றுதான் என் குறிப்பு சொன்னது. மாலை ஏழு மணிக்கு மனைவியிடம் கேட்டால், "பக்கத்துல வந்தாலே மர வாசனை நல்லா அடிக்குதுங்க" என்றார். அடுத்தடுத்த நாட்களிலும் அதே பதில்.

காரணம் இருக்கிறது. இதில் ஐசோ ஈ சூப்பர் என்ற செயற்கை மரவாசனைப் பொருள் மிக அதிகம். சிலருக்கு அது சுத்தமாகத் தெரியாது, சிலருக்கு வந்து வந்து போகும். போட்டவர் மூக்கு அடங்கிவிட்டாலும் சுற்றியிருப்பவர்களுக்குப் போய்க்கொண்டிருக்கும். இந்தப் பெர்ஃப்யூமை உங்கள் மூக்கை மட்டும் நம்பி எடைபோடாதீர்கள். வீட்டில் ஒருவரைக் கேட்டே ஆக வேண்டும். வாசனை போய்விட்டதென்று மதியம் இன்னும் நாலு அடித்தால், ஏசி அறையில் பக்கத்து நாற்காலிக்காரருக்குத் தலைவலி நிச்சயம். ஒரு நாள் இரண்டே அழுத்தலோடு போனேன். அதுதான் இதற்குச் சரியான அளவு என்று இப்போது சொல்வேன்.

ஆங்க்ர் நுவார் எதிர்த்திசை. நதாலி லோர்சன் செய்தது. பழமோ பூவோ கிடையாது. சைப்ரஸ் மர நிழல், ஈர மண், புகை படிந்த வேர். முதல் நாள் பட்டையில் முகர்ந்தபோது முகம் சுளித்தேன். நான்காம் நாள் காலையில் அதைத்தான் தேடினேன். கடையில் ஐந்து நிமிடம் முகர்ந்து முடிவெடுப்பவர்கள் கட்டாயம் ஒதுக்கிவிடும் வாசனை இது. விலையோ மூன்றிலும் மிகக் குறைவு. குறை என்னவென்றால் வெயில். ஏசி அறையிலும் மழை நாளிலும் தோலோடு ஒட்டி அமைதியாக இருப்பது, நடுப்பகலில் பேருந்து நிறுத்தத்தில் வியர்வையோடு சேரும்போது ஈரத்துணி மடித்து வைத்த நெடியாகிவிடுகிறது. அது என் தோலில் மட்டும்தானா என்று பார்க்க மைத்துனரின் கையிலும் அடித்து வெயிலில் நிற்க வைத்தேன். அவருக்கும் அதேதான்.

கெர்லானில் எலுமிச்சையும் பெர்கமாட்டும் முதலில், பிறகு பச்சையான வேர், ஜாதிக்காய், கொஞ்சம் உலர்ந்த புகையிலை. தண்ணீர் தெளித்த வெட்டிவேர்த் தட்டியின் வாசனை மனதில் உள்ளவர்களுக்கு மூன்றில் இதுதான் பக்கத்தில் வரும். ஹெர்மெஸில் வேர் மரத்துக்கு அடியில் நிற்கிறது, லாலிக்கில் இருட்டுக்குள் போகிறது, இதில் அது நேராக முன்னால் வந்து நிற்கிறது. வெயில் ஏற ஏற இது கெடவில்லை. வியர்வையோடு சேர்ந்தபோதும் சோப்புப் போட்ட சுத்தம் இருந்தது. ஆனால் ஆயுள் குறைவு. காலை எட்டு மணிக்குப் போட்டால் மதியச் சாப்பாட்டோடு ஏறக்குறைய முடிந்துவிடும். இங்கே மனைவியும் என்னோடு ஒத்துப்போனார், அதனால் இது மூக்கு அடங்கிய கதை இல்லை, உண்மையாகவே போய்விடுகிறது.

நீடித்து நிற்பதை வைத்துப் பார்த்தால் ஹெர்மெஸ்தான் முதல். ஆனால் தினமும் வெளியே அலைபவனுக்கு மதியம் மறுபடி போடுவது பெரிய வேலை இல்லை, 5 மி.லி. குப்பி ஒன்று பையில் இருந்தால் போதும். வெயிலில் கெட்டுப்போகும் வாசனையை அப்படிச் சரிசெய்ய முடியாது. அதனால் என் காசு கெர்லானுக்கு. நாள் முழுக்க ஏசி அலுவலகத்தில் உட்காருபவர் என்றால், இதே குறிப்புகளை வைத்து நான் ஹெர்மெஸைத்தான் சொல்வேன், இரண்டே அழுத்தல் என்ற நிபந்தனையோடு. ஆங்க்ர் நுவாரை விட்டுவிட மனமில்லை. குப்பியில் மிச்சம் இருக்கும் கொஞ்சத்தை மார்கழியில் மறுபடி போட்டுப் பார்த்துவிட்டு அதைத் தனியாக முடிவு செய்வதாக இருக்கிறேன். அதுவரை மூடியை இறுக்கி, குப்பியை நிமிர்த்தி, அலமாரி இருட்டில் வைத்திருக்கிறேன். பெரும்பகுதி காலியான சின்னக் குப்பியில் ஆல்கஹால் வேகமாக ஆவியாகும் என்பதால், இப்போதைய மட்டத்தைக் கண்ணாடியில் பேனாவால் கோடு போட்டும் வைத்தாயிற்று. கோட்டுக்குக் கீழே நன்றாக இறங்கியிருந்தால் அதில் அடிப்பது பழைய வாசனை இல்லை, புதுக் குப்பிதான் வாங்க வேண்டும்.