மீட்டரா, கிரே கார்டா? முகூர்த்தம் முதல் ரிசப்ஷன் வரை முக நிறம் மாறாமல் இருக்க

காட்பாடிப் பக்கம் ஒரு மண்டபத்தில் முகூர்த்தம். மாப்பிள்ளை பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டை. பெண்ணுக்கு ஆரணிப் பட்டு, அரக்கு நிறம். நான் அப்பர்ச்சர் மோடில் f/2.8, ஐ.எஸ்.ஓ. 1600 என்று வைத்துவிட்டு, மீதியைக் கேமராவின் பொறுப்பில் விட்டிருந்தேன். மாப்பிள்ளையை நெருக்கமாக எடுத்தால் ஷட்டர் 1/200, பெண்ணை எடுத்தால் 1/50. மணையில் இருவரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள், விளக்கு மாறவில்லை, ஆனாலும் இரண்டு ஸ்டாப் வித்தியாசம். படத்தில் மாப்பிள்ளை முகம் இருண்டு போனது, பெண்ணின் முகம் வெளுத்துப் போனது. ஆல்பத்தில் அடுத்தடுத்த பக்கத்தில் வைத்தால் இரண்டு வேறு கல்யாணம் மாதிரி இருந்தது.

கேமராவின் மேல் தப்பு சொல்ல முடியாது. தன் முன்னால் இருப்பது எதுவானாலும் அது நடுத்தரச் சாம்பல் என்றே அது கணக்குப் போடுகிறது. வெள்ளைச் சட்டையைக் கண்டால் வெளிச்சம் அதிகம் என்று குறைக்கும், அரக்குப் பட்டைக் கண்டால் போதவில்லை என்று கூட்டும். இப்போதைய கேமராக்கள் முகத்தை அடையாளம் கண்டு கொஞ்சம் திருத்திக்கொள்கின்றன. அவையும் நம் ஊர் மாநிறத்தையும் கருநிறத்தையும் ஒரே சாம்பலுக்குக் கொண்டுவரத்தான் பார்க்கும்.

இதிலிருந்து தப்ப இரண்டு வழி. ஒன்று, வெள்ளைக் குமிழ் வைத்த கையடக்க லைட் மீட்டர். இன்னொன்று, 18 சதவீதம் ஒளியைத் திருப்பும் கிரே கார்டு. கார்டு சில நூறு ரூபாயில் கிடைக்கும். மீட்டர் பல ஆயிரம். இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை.

மீட்டரை முகத்தருகே பிடித்து, குமிழைக் கேமராவின் பக்கம் திருப்பி அமுக்கினால், அந்த இடத்தில் விழுகிற வெளிச்சத்தை அளக்கும். எதிரில் வேட்டி இருக்கிறதா, பட்டு இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். மேலே சொன்ன மணையில் மீட்டர் 1/100 என்று காட்டியிருக்கும். அதை மேனுவல் மோடில் வைத்துவிட்டால் சட்டை வெள்ளையாகவும், பட்டு அரக்காகவும், இரண்டு முகங்களும் அவரவர் நிறத்திலும் விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், சாதாரண எல்.இ.டி. விளக்குகள் வினாடிக்கு 100 முறை துடிக்கும். அதற்கும் 1/100 பொருந்திவருகிறது, படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழாது.

கார்டிலும் இதே எண்ணைப் பெறலாம், கொஞ்சம் சிரமப்பட்டு. அசிஸ்டென்ட் கார்டைப் பெண்ணின் கன்னத்தருகே பிடிக்க வேண்டும். நாம் ஸ்பாட் மீட்டரிங் வைத்து, அந்த நடுவட்டம் முழுக்கக் கார்டே நிறையும்படி கிட்டப் போய் அளக்க வேண்டும். இங்கேதான் சிக்கல். கார்டு ஒரு தட்டையான பரப்பு. விசிறியை அசைப்பதுபோல் அதை லேசாகச் சாய்த்துப் பாருங்கள், ஷட்டர் 1/100இலிருந்து 1/160க்குப் போய்த் திரும்பும். ஒருமுறை என் பையன் கார்டை மேல்விளக்குக்குக் காட்டியபடி மல்லாந்தாற்போலப் பிடித்திருந்தான். கார்டு பளபளத்தது, நான் கவனிக்கவில்லை. மாங்கல்யதாரணம் முழுக்க முக்கால் ஸ்டாப் இருட்டாகவே எடுத்து முடித்தேன். கார்டின் முகம் கேமராவுக்கும் முக்கிய விளக்குக்கும் இடையே, கேமரா பக்கம் கொஞ்சம் கூடுதலாகத் திரும்பியிருக்க வேண்டும். மேற்பரப்பில் துளி மினுமினுப்புத் தெரிந்தாலும் அந்த அளவை நம்பாதீர்கள்.

அப்புறம் வீடியோக்காரர் இருக்கிறார். அவருடைய எல்.இ.டி. பேனல் தாலி கட்டும் நேரத்தில் எரியும், பெரியவர்கள் அட்சதை போடும்போது அணையும். எரிந்தால் ஒரு ஸ்டாப் ஏறுகிறது. மீட்டர் கையில் இருந்தால் பேனல் எரியும்போது ஓர் அளவு, அணைந்தபின் ஓர் அளவு, மொத்தம் பத்து வினாடி. ஐ.எஸ்.ஓ. 800, 1600 என்ற இரண்டு எண்களை மனதில் வைத்துக்கொண்டு ஒரு கிளிக்கில் மாற்றிக்கொள்வேன். அந்த நெரிசலில், ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, சாம்பல் அட்டையை மறுபடி மறுபடி மணையில் நீட்டிக்கொண்டிருக்க முடியாது. அத்தைமார்கள் விடமாட்டார்கள். ஆகவே முகூர்த்தத்தில் வெளிச்ச அளவுக்கு மீட்டர்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ரிசப்ஷன் மேடையில் மீட்டரின் கை இன்னும் ஓங்குகிறது. மேடையின் இரு பக்கமும் குடையோடு இரண்டு ஸ்டூடியோ ஃபிளாஷ், ஷட்டர் 1/125, ஐ.எஸ்.ஓ. 400. கேமராவுக்குள் இருக்கும் ஸ்பாட் மீட்டர் இந்த ஃபிளாஷை அளக்காது. ஃபிளாஷ் அடிப்பதே ஷட்டர் திறந்த பிறகுதான். கார்டை வைத்து ஒரு படம் எடுத்து, ஹிஸ்டோகிராமில் அதன் மேடு எங்கே நிற்கிறது என்று பார்த்து, அப்பர்ச்சரை மாற்றி, இன்னொரு படம் எடுத்துப் பார்க்க வேண்டும். மீட்டரை ஃபிளாஷ் மோடில் வைத்தால் நேரடியாகச் சொல்லிவிடும். பெண்ணின் தாடையருகே f/8 வந்தது. பெண் வீட்டார் ஏழு பேர் வரிசையில், இடது கோடியில் நின்ற சித்தப்பாவிடம் போய் அளந்தால் f/5.6. ஒரு முழு ஸ்டாப் குறைவு. இப்படியே எடுத்தால் நடுவில் பெண் சரியாக இருப்பாள், சித்தப்பா நிழலில் நிற்பார்.

குடைகளை இரண்டடி பின்னால் இழுத்து, இடது குடையை வலது கோடியை நோக்கியும், வலது குடையை இடது கோடியை நோக்கியும் குறுக்காகத் திருப்பினேன். இப்போது நடுவில் f/7.1, கோடிகளில் f/6.3. மூன்றில் ஒரு ஸ்டாப்தான் வித்தியாசம், கண்ணுக்குத் தெரியாது. கேமராவை f/7.1இல் வைத்து, மேடையில் மூன்று மணிநேரம் அதைத் தொடவே இல்லை. இதையே கார்டில் செய்ய நினைத்தால் ஒவ்வொருவர் மார்பிலும் கார்டைப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுக்க வேண்டும். சொந்தக்காரர்களைப் போலீஸ் ஸ்டேஷன் பலகையோடு நிற்க வைத்தாற்போல் ஆகிவிடும்.

இதுவரை படித்துவிட்டு மீட்டர் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். நான் சொன்னதெல்லாம் வெளிச்சத்தின் அளவு. முக நிறம் என்பதில் பாதிதான் அது. மீதிப் பாதி வெளிச்சத்தின் நிறம், அதைப் பற்றிச் சாதாரண மீட்டருக்கு ஒன்றும் தெரியாது. மஞ்சள் விளக்கானாலும் நீல விளக்கானாலும் ஒரே எண்ணைக் காட்டும்.

அந்த மண்டபத்தில் கூரையில் வெளிர்நீல எல்.இ.டி., மணையைச் சுற்றி மஞ்சள் துணிப் பந்தல். ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவில் இருந்தால் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் தனியாக யோசிக்கும். அரக்குப் பட்டு நிறைந்த படத்தில் சிவப்பைக் குறைக்கப் பார்த்து முகத்தில் பச்சை ஏற்றும், வேட்டி நிறைந்த படத்தில் சும்மா விட்டுவிடும். வெளிச்ச அளவு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் தோல் மாறிக்கொண்டேதான் இருக்கும். இங்கே கார்டுக்குப் போட்டியே கிடையாது. சடங்கு தொடங்கும் முன் மணையில் உட்கார்ந்த பெண்ணின் கையில் கொடுத்து ஒரு படம், ரா ஃபைலில். அப்புறம் கம்ப்யூட்டரில் ஒயிட் பேலன்ஸ் துளிசொட்டியை அந்தச் சாம்பலில் வைத்துக் கிளிக் செய்து, கிடைத்த எண்ணை அந்த வெளிச்சத்தில் எடுத்த எல்லாப் படங்களுக்கும் ஒட்டிவிட்டால் போதும். வீடியோ பேனல் எரிந்த படங்களுக்குத் தனியாக ஒரு கார்டுப் படம் வேண்டும். பந்தலுக்குள் எடுத்த கார்டை முற்றத்துப் படங்களுக்கு ஒட்டினால் எல்லாரும் நீலம் பாய்ந்து நிற்பார்கள். நான் செய்திருக்கிறேன்.

கார்டுக்கும் எல்லை உண்டு. கார்டு தட்டை, முகம் உருண்டை. பட்டுப்புடவையிலிருந்து எழும் சிவப்பு, தாடைக்குக் கீழே தெறிக்கும். கார்டு அதைப் பார்க்காது, திருத்தவும் செய்யாது. அதைத் தனியாகத்தான் குறைக்க வேண்டும். குத்துவிளக்கு ஏற்றும் படத்தில் கார்டு சொன்னபடியே முழுக்கத் திருத்தினால் விளக்கொளியின் இதமும் போய்விடும். அங்கே நான் கொஞ்சம் மஞ்சளைத் திருப்பிச் சேர்ப்பேன். இன்னொன்று, கார்டைத் தொடுகிற கையெல்லாம் மஞ்சளும் குங்குமமுமாக இருக்கும். அட்டைக் கார்டில் ஒரு மஞ்சள் விரல்ரேகை விழுந்தால், அந்த இடத்தில் கிளிக் செய்த படம் நீலமாகப் போகும். துடைக்கக்கூடிய பிளாஸ்டிக் கார்டு வாங்குங்கள்.

வேலூர்க் கோட்டையில் ஜோடிப் படம் எடுக்கும்போது இரண்டும் தோற்கிற ஒரு இடம் உண்டு. காலை பத்து மணிக்குக் கருங்கல் மதிலின் நிழலில் ஜோடி, வெயிலில் நான். நான் நிற்கும் இடத்திலேயே மீட்டரை அமுக்கினால் வெயிலை அளந்து தரும், முகங்கள் மூன்று ஸ்டாப் இருண்டுவிடும். கார்டை என் கையிலேயே பிடித்து அளந்தாலும் அதே கதிதான். சோம்பல்படாமல் நிழலுக்குள் நடந்து போய், முகத்தருகே அளந்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

மாநிறத் தோல் ஏறக்குறைய கார்டின் அளவிலேயே ஒளியைத் திருப்பும், கருநிறம் அதற்கு ஒரு ஸ்டாப் கீழே. அதனால் சரியாக எடுத்த படத்தில் கருநிற மாப்பிள்ளை கருநிறமாகவே இருப்பார். ஆல்பம் கொடுக்கும்போது, "தம்பி, மாப்பிள்ளையைக் கொஞ்சம் கலர் ஏத்திக் குடுப்பா" என்று ஒரு மாமா நிச்சயம் கேட்பார். ஏற்றுவதா வேண்டாமா என்பது அப்போது பேசிக்கொள்கிற விஷயம். எண்ணூறு படத்திலும் அவர் ஒரே நிறத்தில் இருந்தால், ஏற்றினாலும் ஒரே அளவாக ஏற்றலாம்.

முதலில் எதை வாங்குவது? கார்டு. காசுக்காக மட்டும் சொல்லவில்லை. அளவில் அரை ஸ்டாப் பிசகினால் ரா ஃபைலில் இழுத்துக்கொள்ளலாம், நிறம் படத்துக்குப் படம் அலைந்தால் ராத்திரி முழுக்க உட்கார வேண்டியிருக்கும். ஃபிளாஷ் விளக்குகளோடு மேடை வேலை மாதம் நாலு வருகிறது என்றால் மீட்டரும் வாங்கிவிடுங்கள்.

வாங்கிய அன்றே ஒரு காரியம் செய்யுங்கள். மீட்டரும் கேமராவும் ஒத்துப்போகும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே சீராக வெளிச்சம் விழும் இடத்தில் கார்டை வைத்து, மீட்டர் சொன்ன அளவில் படம் எடுத்து, ரா ஃபைலை எந்த மெருகும் இல்லாமல் திறந்து பாருங்கள். சாம்பல் 118ஐ ஒட்டி, அதாவது 255இல் பாதிக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். என்னுடையது மூன்றில் ஒரு ஸ்டாப் கீழே நின்றது. அந்தத் திருத்தத்தை மீட்டரிலேயே ஏற்றிவிட்டு, அதன் பின்பக்கம் ஒரு ஸ்டிக்கரில் கேமராவின் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறேன். இன்னொரு கேமராவை இரவல் வாங்கினால் மறுபடி பார்த்துக்கொள்வதற்கு.