வானத்து மெசேஜா, இரண்டாவது சிம்மா?

மலைப்பாதைகளில் நடக்கிறவர்களுக்கு இந்தக் குழப்பம் பழக்கமானதுதான். பாதி வழியிலேயே டவர் போய்விடும். அதற்கு மேல் யாரையாவது தொடர்புகொள்ள வேண்டுமென்றால் இரண்டு வழிகள் உண்டு. வேறொரு நிறுவனத்தின் சிம்மையும் போனில் போட்டுக்கொண்டு, இது கிடைக்காத இடத்தில் அதுவாவது கிடைக்கும் என்று நம்புவது ஒன்று. செயற்கைக்கோள் வழியாக மெசேஜ் அனுப்பும் போனை வாங்குவது இன்னொன்று. போன் மாற்ற வேண்டி வந்தபோது நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். அதனால் இந்த அலசலும் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் தாண்டிவிடலாம். வேகம், பேச்சு, படம், வீடியோ என எதில் ஒப்பிட்டாலும் டவர்தான் ஜெயிக்கும். செயற்கைக்கோள் வழியில் பெரும்பாலும் எழுத்தும் இருப்பிடமும்தான் போகும். டவரோ வைஃபையோ கிடைக்கிற இடத்தில் அந்த வசதி திறக்கவே திறக்காது. ஆக, அன்றாடப் பயன்பாட்டில் இரண்டும் போட்டியாளர்களே இல்லை. போட்டி எல்லாம் டவர் முடிகிற இடத்துக்கு அப்பால்தான்.

அங்கே இரண்டாவது சிம் எவ்வளவு உதவும்? நினைத்ததைவிடக் குறைவு. உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாமல் வேறொருவரின் டவர் எட்டினால், பல நாடுகளில் போன் 'அவசர அழைப்பு மட்டும்' என்று காட்டும். அவசர எண்ணை அழைத்தால் கிடைக்கிற டவர் வழியாக அது போய்விடும். அந்த நிறுவனத்தின் சிம் இருக்க வேண்டும் என்பதில்லை. அதாவது உயிர் போகிற அவசரத்துக்கு இரண்டாவது சிம் புதிதாக எதையும் தருவதில்லை. வீட்டுக்கு 'வர நேரமாகும்' என்று சொல்வதற்கு அது உதவும், சரி. ஆனால் எந்த டவரும் எட்டாத பள்ளத்தாக்கில் இரண்டு சிம்மும் ஒன்றுபோலவே ஊமைதான்.

செயற்கைக்கோள் அந்த இடத்தில் எட்டுகிறது. எப்படி எட்டுகிறது என்று தெரிந்துகொண்டால்தான் எங்கே எட்டாது என்பதும் புரியும். போனின் ரேடியோ அதிகபட்சம் அனுப்பும் சக்தி 200 மில்லிவாட் அளவில்தான் இருக்கும். டவர் 2 கிலோமீட்டரில் இருந்தால் அது தாராளம். 2022இல் ஐபோன் 14இல் தொடங்கிய வசதி பயன்படுத்தும் குளோபல்ஸ்டார் செயற்கைக்கோள்களோ சுமார் 1,414 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. தூரம் 700 மடங்கு. இடையில் தடையே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப சிக்னல் மெலியும் என்பதால் அங்கே போய்ச் சேருவது ஏறக்குறைய 5 லட்சத்தில் ஒரு பங்கு.

இவ்வளவு மெலிந்த சிக்னலில் தகவல் சொட்டுச் சொட்டாகத்தான் போகும். எழுத்தைச் சுருக்கி அனுப்புவதும், போனை இந்தப் பக்கம் திருப்பு, இன்னும் கொஞ்சம் இடது என்று திரை வழிகாட்டுவதும் இதனால்தான். வானம் நன்றாகத் திறந்திருந்தால் ஒரு மெசேஜ் 15 விநாடியில் போய்விடலாம். மேலே இலைகள் மூடியிருந்தால் ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகும். அடர்ந்த மரக்கூட்டம், பாறைச் சரிவு, கட்டடத்தின் உள்பகுதி என்றால் போகாமலே நின்றுவிடலாம். டவர் சிக்னல் சுவரைத் தாண்டி வருவது அதற்கு மிச்சமாகச் சக்தி இருப்பதால். இங்கே அந்த மிச்சம் கிடையாது.

இன்னொன்றும் உண்டு. இந்தச் செயற்கைக்கோள்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. உங்கள் போனிடம் வாங்கியதை அந்தக் கணமே தரைநிலையம் ஒன்றுக்குக் கைமாற்றிவிடுகின்றன. ஒரே நேரத்தில் உங்களையும் பார்க்க வேண்டும், தரைநிலையத்தையும் பார்க்க வேண்டும். நடுக்கடலில் தலைக்கு மேலேயே செயற்கைக்கோள் இருந்தும் மெசேஜ் போகாமல் போவதற்கு இதுதான் காரணம். இரிடியம் என்ற இன்னொரு நிறுவனத்தின் செயற்கைக்கோள்கள் தங்களுக்குள் பேசிக்கொள்பவை; நெடுங்கடல் பயணிகள் அதைப் பயன்படுத்தும் தனிக் கருவிகளை விடாமல் வைத்திருப்பதில் நியாயம் இருக்கிறது.

இதெல்லாம் அனுப்புவதைப் பற்றி. என் முடிவைத் தீர்மானித்தது வேறு: பதில் எப்படி வந்து சேருகிறது என்பது. விளம்பரங்கள் இதைத் தொடுவதே இல்லை.

சாதாரண நெட்வொர்க்கில் நீங்கள் ஒன்றும் செய்யாமல் இருந்தாலும் போன் எந்த வட்டாரத்தில் இருக்கிறது என்று நெட்வொர்க்குக்குத் தெரியும். யாராவது அழைத்தால் அந்த வட்டாரத்து டவர்கள் எல்லாம் உங்கள் போனைக் கூப்பிடும். பையின் அடியில், பூட்டிய திரையோடு கிடக்கும் போன் அதைக் கேட்டு விழித்துக்கொள்ளும். திசை காட்டி இணைகிற செயற்கைக்கோள் முறையில் இது நடப்பதில்லை. போனை வெளியே எடுத்து, வானத்தை நோக்கிப் பிடித்து, இணைப்பு வந்த பிறகுதான் உங்களுக்காகக் காத்திருந்த பதில் இறங்கும். அனுப்பிவிட்டுப் பையில் போட்டால் பதில் உங்களிடம் வராமலே காத்து நிற்கும்.

ஒரு நிகழ்வை வைத்துப் பார்ப்போம். இரண்டு பேர் ஒரு குறுகிய பள்ளத்தாக்கில் இறங்குகிறார்கள். மாலை 5 மணிக்கு ஒருவருக்குக் கணுக்கால் பிசகிவிடுகிறது. எலும்பு முறியவில்லை, ஆனால் நடை மெதுவாகிவிட்டது. மீட்புக் குழு தேவையில்லை. வீட்டில் காத்திருப்பவருக்குத் தகவல் தெரிந்தால் போதும். இரண்டு பக்கமும் பாறை உயர்ந்திருப்பதால் தெரிவது ஒரு கீற்று வானம்தான். செயற்கைக்கோள் அந்தக் கீற்றுக்குள் வரும்வரை காத்திருக்க வேண்டும், வந்தாலும் சீக்கிரமே பாறைக்குப் பின்னால் போய்விடும். அந்த இடைவெளியில் 'கால் பிசகிவிட்டது' என்று மட்டும் அனுப்பினால் வீட்டிலிருந்து நான்கு கேள்விகள் கிளம்பும். எங்கே இருக்கிறீர்கள், யாருக்கு, நடக்க முடியுமா, ஆள் அனுப்பவா? எதுவும் இவர்களுக்கு வந்து சேராது. இவர்கள் நடந்துகொண்டிருப்பார்கள், அவர்கள் பதறிக்கொண்டிருப்பார்கள்.

அதே மெசேஜை இப்படி எழுதலாம்: 'குமாருக்குக் கணுக்கால் பிசகல். நடக்கிறான், மெதுவாக. உதவி வேண்டாம். ஓடையோரப் பாதையில் வருகிறோம். 7 மணிக்கு மேட்டில் நின்று பதில் பார்ப்பேன். 9 மணிவரை தகவல் இல்லையென்றால் மீட்புக் குழுவைக் கூப்பிடு.' கேட்கப்போகும் கேள்விகளுக்கு எல்லாம் பதில் அதிலேயே இருக்கிறது. அடுத்து எப்போது போனை வானத்துக்குக் காட்டுவார்கள் என்பதும் இருக்கிறது. இந்த நேரக் குறிப்பு இருந்தால் வீட்டில் இருப்பவரின் பதில் 7 மணிக்குள் தயாராகக் காத்திருக்கும். இல்லையென்றால் இந்த வசதியின் பாதிப் பயன் வீண்.

கிளம்புவதற்கு முன்பே செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. ஐபோனில் சாதாரண எஸ்.எம்.எஸ்.ஸாக முதலில் உங்களுக்கு எழுதக்கூடியவர்கள் அவசரத் தொடர்பாகவோ குடும்பக் குழுவிலோ சேர்க்கப்பட்டவர்கள்தான். மற்றவர்களுக்கு நீங்கள் முதலில் எழுத வேண்டும். இந்தப் பட்டியலை டவர் இருக்கும்போதே சரிசெய்துகொள்ளுங்கள். எஸ்.எம்.எஸ். என்றதும் ஒரு இடைச்செருகல்: ஆங்கில எழுத்தில் 160 எழுத்து பிடிக்கும் ஒரு துண்டு, தமிழில் 70 குறியீடுகளோடு முடிந்துவிடும். அதிலும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். இதற்காகத் தமிழை விட வேண்டியதில்லை, சுருக்கமாக எழுதினால் போதும்.

இந்தப் பதில் சிக்கலைத்தான் புதிதாக வந்திருக்கும் மூன்றாவது வகை குறிவைக்கிறது. செயற்கைக்கோளையே ஒரு டவராக மாற்றிவிடுவது. ஸ்டார்லிங்கின் செயற்கைக்கோள்களை வைத்து அமெரிக்காவில் டி-மொபைல் என்ற செல்போன் நிறுவனம் 2025 ஜூலையில் இதை வணிகச் சேவையாகத் தொடங்கியது. இவை சுமார் 360 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால் இழப்பு குறைவு. மேலே போட்ட அதே கணக்கில், 5 லட்சத்தில் ஒரு பங்குக்குப் பதில் 32 ஆயிரத்தில் ஒரு பங்கு. போனில் தனி வன்பொருள் வேண்டியதில்லை, வழக்கமான 4ஜி எல்.டி.இ. ரேடியோவே போதும். நொடிக்கு 7 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் டவரிடம் பேசுவதால் அலைவரிசை வெகுவாக நகரும். அதைப் போனுக்குத் தெரியாமல் செயற்கைக்கோள் தரப்பே ஈடுகட்டிக்கொள்கிறது. போன் அந்த வானத்து டவரில் பதிவாகிவிடுவதால், திசை பார்த்துப் பிடிக்காமலே மெசேஜ் வந்து விழும்.

ஆனாலும் வானம் தெரிய வேண்டும் என்ற விதி இங்கேயும் மாறவில்லை. தவிர, தரையில் ஒரு டவர் சில கிலோமீட்டர் வட்டத்தைக் கவனிக்கிறது. வானத்திலிருந்து விழும் ஒரு கற்றை அதைவிடப் பல மடங்கு பரப்பை மூடுகிறது. அந்தப் பரப்பில் இருக்கும் அத்தனை பேரும் ஒரே குறுகிய அலைவரிசையைப் பகிர்ந்துகொள்கிறார்கள். மெசேஜுக்கு அது போதும். நகரத்துக்கு டவருக்குப் பதிலாக இதை வைக்க முடியாததற்குக் காரணமும் அதுதான்.

இந்த மூன்றாவது வகையை நான் மற்றவர் போனில் கொஞ்ச நேரம் பார்த்ததோடு சரி. அதனால் அடர்காட்டில், கொட்டும் மழையில் அது எப்படி நடந்துகொள்ளும் என்று என் அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது. என் போனையும் திறந்த மேடுகளில்தான் அதிகம் பயன்படுத்தியிருக்கிறேன்.

வாங்க நினைப்பவர்கள் போனின் மாடலைப் பார்ப்பதற்கு முன் போகிற நாட்டைப் பாருங்கள். வன்பொருள் இருந்தாலும் சேவை திறக்கப்படாத நாடுகள் நிறைய. தனி செயற்கைக்கோள் கருவிகளை அனுமதியில்லாமல் கொண்டுபோனால் கைதாகும் நாடுகளும் உண்டு. நீங்கள் போகும் இடத்தில் சேவை இல்லையென்றால், அங்கே எந்த நிறுவனத்தின் டவர் அதிக தூரம் எட்டுகிறது என்று விசாரித்து அதன் சிம்மைப் போட்டுக்கொள்வதே நல்லது. சேவை இருந்தால், கிளம்புவதற்கு முந்தின நாளே மொட்டை மாடிக்குப் போய் ஐபோனில் உள்ள செயற்கைக்கோள் மாதிரிப் பயிற்சியை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். திரையில் வரும் அம்புக்குறியைப் பின்தொடர்ந்து போனைத் திருப்பக் கை பழகியிருக்கும். உங்களோடு வருகிறவருக்கும் அதைக் காட்டிவிடுங்கள், கால் பிசகுவது யாருக்கு என்று முன்கூட்டியே தெரியாதே.