பொய்க் கலைப்பும் பொய் வெட்டும்: சில வருடங்கள் கையில் வைத்திருந்தபின்

டர்பன் ஃபீனிக்ஸில் இருக்கும் நண்பர் போன வாரம் ஒரு கேள்வி அனுப்பினார். சீட்டு வித்தைக்கான பொய்க் கலைப்புப் பாடம் ஒன்று, காணொளியாக, பாதி விலைக்கு வந்திருக்கிறதாம். வாங்கலாமா? அதே பாடத்தை முழு விலை கொடுத்து வாங்கியவன் நான் என்பதால் பதில் கொஞ்சம் சூடாகவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பார்வையாளர் எடுத்த சீட்டைக் கட்டுக்குள் வாங்கி மேலே கொண்டுவருவது தனி வேலை, அது தெரியும் என்றே எடுத்துக்கொள்கிறேன். மேலே வந்துவிட்ட சீட்டை, கலைப்பதுபோல் காட்டிக்கொண்டே அங்கேயே வைத்திருப்பது எப்படி என்பதுதான் இங்கே விஷயம்.

அந்தப் பாடத்தின் பெரும்பகுதி ஸாரோ கலைப்பு. ஹெர்ப் ஸாரோ என்ற அமெரிக்கர் கண்டுபிடித்தது. கட்டை இரண்டாக்கி மேசைமேல் ஒன்றுக்குள் ஒன்று பிரித்து விடுவதுபோல் விட்டு, தள்ளிச் சேர்க்கும்போது மேலே இருக்கும் ஓரிரு சீட்டின் மறைவில் பின்னலை அவிழ்த்துப் பழையபடி அடுக்கிவிடுவது. 52 சீட்டின் வரிசையும் அப்படியே நிற்கும். அழகான வேலை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் முழு வரிசையையும் காக்க வேண்டியவருக்குத்தான் அது தேவை. ஒரே ஒரு மேல்சீட்டுக்காக அதைப் பழகுவது வீண் செலவு. மேசை வேண்டும், மேசைமேல் மெத்தென்ற துணி வேண்டும். எங்கள் வீட்டில் வித்தை நடக்கும் இடம் இறைச்சி சுடும் பிராய் அடுப்புக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே.

இன்னொன்றும் உண்டு. டர்பனில் நம் ஆட்கள் தூனி என்ற சீட்டாட்டம் ஆடி வளர்ந்தவர்கள். ஜாக்கி மேலே, அடுத்து ஒன்பது, மொத்தம் 24 சீட்டு. அந்த மேசையில் நான் பார்த்தவரை எல்லாரும் கட்டை இடது கையில் படுக்கவைத்து, வலது கையால் தூக்கித் தூக்கிச் சொரிந்துதான் கலைக்கிறார்கள். ஓவர்ஹேண்ட் கலைப்பு என்பது அதுதான். அங்கே போய் நீங்கள் மேசைமேல் படபடவென்று விட்டால், வித்தை தொடங்கும் முன்பே ஒரு மாமா உங்கள் விரலை முறைக்க ஆரம்பித்துவிடுவார். எனவே நண்பரே, ஓவர்ஹேண்டைப் பழகுங்கள்.

நண்பருக்கு ஓவர்ஹேண்டில் ஒரு வழி ஏற்கெனவே தெரியும், அதில்தான் மாட்டிக்கொண்டாராம். மேல்சீட்டைத் தனியாக இழுத்து முதலில் விடுவார், அது அடிக்குப் போய்விடும். மீதியை அதன்மேல் சொரிவார். மறுபடி ஒரு முழுக் கலைப்பு, கடைசிச் சீட்டைத் தனியாக மேலே விட்டு முடிப்பார். அடியில் இருந்தது மேலே வந்தாயிற்று. எளிமையானதுதான். ஆனால் மருமகள் முன்னால் செய்தபோது மேலே வேறு சீட்டு இருந்ததாம், அவள் சீட்டு இரண்டாவதாக இருந்ததாம்.

என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன். முதல் இழுப்பில் ஒன்றுக்குப் பதில் இரண்டு சீட்டு சேர்ந்து வந்திருக்கிறது. மருமகளின் சீட்டு மேலே, அதன் பக்கத்துச் சீட்டு கீழே, இரண்டும் ஒட்டியபடி அடிக்குப் போயின. அப்போது ஆக அடியில் இருப்பது பக்கத்துச் சீட்டு. இரண்டாம் கலைப்பில் கடைசியாக விழுந்து மேலே நின்றதும் அதுவே. டர்பன் கோடையில் காகிதச் சீட்டு ஈரம் குடித்து ஊறிவிடும். அப்புறம் இரண்டு மூன்றாக ஒட்டிக்கொண்டுதான் வரும். வலது கை கட்டை இறுகப் பிடித்தாலும் இதே கதை. தனி இழுப்பை நம்பிய முறைக்கு இது தீராத வியாதி.

நான் இத்தனை காலமாக விடாமல் பயன்படுத்துவது நீட்டுச்சீட்டு முறை. ஆங்கிலக்காரர்கள் இன்ஜாக் என்பார்கள். எர்ட்னேஸ் என்ற புனைபெயரில் 1902-இல் எழுதியவர் இதை விரிவாகவே எழுதியிருக்கிறார், பாதி விலைக்கு வந்த பாடம் சொல்லாத நுணுக்கமும் அவரிடம் உண்டு. செய்வது இப்படி. சீட்டு மேலே இருக்கிறது. வலது கையால் கட்டின் கீழ்ப்பாதியை உருவி எடுங்கள். இடது கையில் மீதம் இருப்பது மேல்பாதி, அதன் தலையில் அந்தச் சீட்டு. வலது கைக் கட்டிலிருந்து ஒரு சீட்டை அதன்மேல் விடுங்கள், ஆனால் விடும்போது வலது கையை உங்கள் வயிற்றுப் பக்கமாகக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு சீட்டு உங்கள் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். கையைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோய் மீதியைச் சாதாரணமாகச் சொரிந்து முடியுங்கள். இப்போது வலது கட்டைவிரல் பின்னால் போய் நீட்டிக்கொண்டிருப்பதைத் தொட்டு மேல்நோக்கி அழுத்தும். அதற்குக் கீழே உள்ள அத்தனையையும் ஒரே பிடியாக உருவி மேலே போட்டுவிடுங்கள். பழைய மேல்பாதி முழுதாகத் திரும்பி வந்துவிட்டது, தலையில் அதே சீட்டு.

நான் எதிர்பாராத சந்தோஷம் இந்த முறை பிழையைப் பொறுத்துக்கொள்வதுதான். நீட்டும் இடத்தில் ஒன்றுக்குப் பதில் இரண்டு சீட்டு விழுந்தால்? ஒன்றும் ஆகாது. இரண்டும் நீட்டிக்கொண்டு நிற்கும், நீங்கள் இரண்டுக்கும் கீழேதான் உருவப்போகிறீர்கள். நண்பரைக் கவிழ்த்த அதே ஈரச்சீட்டு இங்கே நம்மைத் தொடுவதில்லை. இந்தக் காரணத்துக்காகவே மற்ற முறைகளை விட்டேன்.

கெட்டுப்போவது வேறு இடத்தில். நீட்டல் சிறிதாக இருந்தால், மேலே சொரியும் சீட்டுகளும் இடது சுண்டுவிரலும் அதை உள்ளே தள்ளிவிடும். கட்டைவிரல் தேடிப்போகும்போது அங்கே ஒன்றும் இருக்காது. பெரிதாக இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்தவருக்குத் தெரியும். பழகும்போது அரை சென்டிமீட்டர் நீட்டுங்கள், பிறகு நகத்தின் வெள்ளை விளிம்பு அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். மேலே சொரியும் சீட்டுகளை நறுக்காக அடுக்காதீர்கள். பின்பக்கம் கொஞ்சம் ஒழுங்கில்லாமல் விழுந்தால்தான் ஒன்று மட்டும் நீட்டிக்கொண்டிருப்பது கண்ணில் படாது. முன்பக்கத்தை இடது ஆள்காட்டி விரல் தட்டையாக அணைத்துக்கொள்ளட்டும், பார்ப்பவர்கள் இருப்பது அந்தப் பக்கம்தானே. தூனிக் கட்டில் செய்வதென்றால் பாதி என்பது 12 சீட்டுதான். நாலு சொரியலில் முடிந்துவிடும், கலைத்தமாதிரியே இருக்காது. இரண்டு தடவை செய்யுங்கள்.

இதுவரை எல்லாம் நல்லது. இனி என் எரிச்சல்.

பொய் வெட்டு. கலைத்தபின் நானே ஒரு வெட்டு வெட்டி முடித்தால் யாரும் வெட்டக் கேட்கமாட்டார்கள் என்று அந்தப் பாடம் சொன்னது. நான் செய்வது ஆக எளியது. மேல் மூன்றில் ஒரு பங்கை எடுத்து வலப்பக்கம் வை, அடுத்த பங்கை இடப்பக்கம், கடைசிப் பங்கை நடுவில். பிறகு இடது நடுவின்மேல், வலது அதற்கும் மேல். மூன்று குவியலும் இடம் மாறிக் கலைந்ததுபோல் தெரியும், வரிசை மட்டும் தொட்டாற்போல் கூட மாறவில்லை. செய்யும்போது கையைப் பார்க்காமல் பேசிக்கொண்டே செய்தால் எவருக்கும் தோன்றாது.

எவருக்கும் என்றா சொன்னேன்? தூனி ஆடுகிறவர்கள் நீங்கலாக. நீங்கள் எத்தனை வெட்டு வெட்டினாலும் ஒரு மாமா கையை நீட்டி, "சரி தம்பி, இப்ப நான் வெட்டுறேன்" என்பார். அவருக்குச் சந்தேகம்கூட இல்லை, அது அவருக்குக் கைப்பழக்கம். அவர் வெட்டி முடித்த நொடியில் மேல்சீட்டு கட்டின் நடுவே போய்விட்டது. பொய்க் கலைப்பின் எல்லை இதுதான், உங்கள் கையில் கட்டு இருக்கும்வரைதான் அதன் ஆயுள். இதைப் பாடத்தில் ஒரு வரி சொல்லியிருக்கலாம். கடைக்காரருக்கு எழுதிக் கேட்டேன், பதில் வரவில்லை.

தீர்வு இரண்டு உண்டு. முதலாவது நீட்டுச்சீட்டு முறையிலேயே ஒளிந்திருக்கிறது. கடைசியில் உருவி மேலே போட்டபின், நீங்கள் நீட்டிய அதே சீட்டு கட்டின் அடியில் உட்கார்ந்திருக்கும். கட்டை நிமிர்த்தித் தட்டிச் சீர்செய்யும்போது அதை ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள், க்ளாவர் ஒன்பது என்று வையுங்கள். மாமா வெட்டி முடித்தால் அடிச்சீட்டு வந்து மேல்சீட்டின் தலையில் உட்காரும். அதாவது கவிழ்த்த கட்டில் க்ளாவர் ஒன்பதுக்கு நேர் கீழே இருப்பதுதான் தேடும் சீட்டு. அவர் இன்னொரு தடவை வெட்டினாலும் பெரும்பாலும் இந்த இரண்டும் பிரியாது. சரியாக அவற்றுக்கு நடுவே வெட்டினாலும் பயமில்லை, ஒன்பது அடியிலும் சீட்டு மேலேயும் திரும்பி வந்துவிடும். கலைக்க மட்டும் விடாதீர்கள்.

இரண்டாவது, குறுக்கு வைப்பது. மாமா மேல்பாதியைத் தூக்கியதும், "இங்கே வையுங்க மாமா" என்று இடம் காட்டுங்கள். கீழ்ப்பாதியை நீங்களே எடுத்து அதன்மேல் குறுக்காக வையுங்கள். உடனே தொடாதீர்கள். அரை நிமிடம் எதையாவது கேளுங்கள், எல்லாரும் வெட்டு எங்கே என்று மறக்கும்வரை. பிறகு குறுக்கே கிடப்பதைத் தூக்கி, "நீங்க வெட்டின இடம்" என்று கீழே உள்ள சீட்டைத் திருப்பச் சொல்லுங்கள். அது பழைய மேல்சீட்டேதான், அசையவே இல்லை. அவர் தன் கையால் தன் சீட்டையே வெட்டியதாக நம்புவார். ஒரே கூட்டத்தில் இதை மறுபடி மட்டும் செய்யாதீர்கள்.

ஆக, நீட்டுச்சீட்டுக் கலைப்பு நான் கற்றவற்றில் ஆக உருப்படியானது. பொய் வெட்டும் நல்லதுதான், தூனி மேசைக்கு வெளியே உள்ளவர்கள் முன்னால். ஆனாலும் வாங்கலாமா என்று இன்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன், பாதி விலைக்கும் சரி, இலவசத்துக்கும் சரி. காரணம் பாடத்தில் இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும் என்று ஊரறிந்தபின், எங்கள் தூனி மேசையில் யாரும் என்னைச் சீட்டுப் போட விடுவதில்லை. என் முறை வரும்போது கட்டு என்னைத் தாண்டிப் போகிறது. நண்பருக்கும் அந்த மேசை பிடிக்கும் என்று எனக்குத் தெரியும்.