பிரமாண் ஐடி வந்துவிட்டது, பென்ஷன் வரவில்லை

அம்மாவுக்கு வருவது மத்திய அரசு குடும்ப ஓய்வூதியம். அப்பா இறந்தபோது பேங்க் வேலை சுலபமாக முடிந்தது. பென்ஷன் கணக்கு இருவர் பெயரிலும் இருந்ததால் புதுக் கணக்கு தேவைப்படவில்லை. இறப்புச் சான்றிதழும், பிபிஓ என்ற ஓய்வூதிய ஆணையின் நகலும், ஒரு கடிதமும் கொடுத்ததும் அதே கணக்கில் பணம் வர ஆரம்பித்தது. நாங்கள் ஏமாந்தது அதற்கு அப்புறம்.

பென்ஷன் வாங்குபவர் உயிரோடு இருக்கிறார் என்று வருஷா வருஷம் காட்ட வேண்டிய டிஜிட்டல் லைஃப் சர்டிபிகேட்டை நவம்பரில் வீட்டருகே ஒரு பிரவுசிங் சென்டரில் எடுத்தோம். 300 ரூபாய். விரல் ரேகை வைத்த ஐந்தாவது நிமிடம், பிரமாண் ஐடி என்ற சான்றிதழ் எண்ணோடு ஒரு தாள் கையில். "முடிஞ்சது பாட்டி, அடுத்த வருஷம் வாங்க" என்றார் கடைக்காரர்.

டிசம்பர் கடைசியில் பணம் வரவில்லை. கிளையில் கேட்டால், "உங்க லைஃப் சர்டிபிகேட் எங்களுக்கு வரவே இல்லையே" என்கிறார்கள். தாளைக் காட்டினோம். அந்த அலுவலர் ஒரு வரியில் விரலை வைத்தார். பென்ஷன் வழங்குபவர் என்ற இடத்தில் எங்கள் பேங்க்குக்குப் பதில் மாநிலக் கருவூலம்! பிபிஓ எண்ணின் 12 இலக்கங்களும் சரி, கணக்கு எண்ணும் சரி. ஆனால் சான்றிதழ் போய்ச் சேர்ந்த இடம் தப்பு.

ஐடி வந்தால் சான்றிதழ் உருவாகிவிட்டது என்று மட்டும்தான் அர்த்தம். அதை ஏற்பதும் நிராகரிப்பதும் பென்ஷன் கொடுப்பவர் கையில் இருக்கிறது. இது எங்களுக்குத் தெரியாது. கடைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். காசு வாங்கினாரே.

சரி, jeevanpramaan.gov.in போய் நிலவரம் பார்க்கலாம் என்றால் ஓடிபி வரவில்லை. மொபைல் எண் கேட்ட இடத்தில் கடைக்காரர் தன் எண்ணையே போட்டிருந்தார். அதனால் அம்மாவின் போனுக்கு ஒரு எஸ்எம்எஸ்கூட வந்ததில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்கலாம்.

தவறாகப் பதிந்த சான்றிதழைத் திருத்த முடியாது, புதிதாகத்தான் எடுக்க வேண்டும். மறுபடி கடைக்குப் போக மனமில்லாமல் அம்மாவைக் கிளைக்கே அழைத்துப்போய் காகிதப் படிவம் கொடுத்தோம். கையெழுத்திட்ட ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்கினேன். கேட்டால் கொடுத்தாக வேண்டும். ஜனவரி இறுதியில் இரண்டு மாதப் பணமும் சேர்ந்து வந்தது. நவம்பர் 30 தாண்டினால் பென்ஷன் நிற்கும், அழிந்துபோகாது. சான்றிதழ் ஏறியதும் நிலுவையோடு வரும். ஆனால் அம்மாவின் மாத்திரைச் செலவு அதுவரை காத்திருக்குமா?

இந்த நவம்பரில் என் போனிலேயே ஜீவன் பிரமாண் ஆப் மூலம் முகம் காட்டி எடுத்தோம். செலவே இல்லை. சமர்ப்பிக்கும் முன் பென்ஷன் வழங்குபவர் பெயரையும் மொபைல் எண்ணையும் அம்மாவையே உரக்கப் படிக்கச் சொன்னேன். 80 வயது தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம்.

கடைக்காரரிடம் கேட்கப் போனபோது தன் போனைத் தள்ளிக் காட்டினார். அதே மாதிரி எஸ்எம்எஸ்கள் வரிசையாகக் கிடந்தன, வேறு யார் யாருடையதோ.