வட்டி குறையும் என்று சொல்லி ஏழு வருடத்தை அழித்துவிட்டார்கள்: வீட்டுக் கடன் வைத்திருப்பவர்கள் படியுங்கள்

போன வாரம்தான் எனக்கு முழு விவரமும் தெரிந்தது. கோபம் இன்னும் ஆறவில்லை, அதனால் எழுத்தில் சூடு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கடனை ஒரு பேங்கில் இருந்து இன்னொரு பேங்கிற்கு மாற்றித் தருகிறேன் என்று வந்த ஒரு ஏஜென்டும், அவருக்குப் பின்னால் இருந்த ஒரு தனியார் பேங்கும் சேர்ந்து என் தலையில் 7 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய் கூடுதல் வட்டியைக் கட்டிவிட்டார்கள். வட்டி விகிதத்தைக் குறைத்துத்தான் இதைச் செய்தார்கள். அதனால்தான் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை.

என் கடன் 25 லட்சம், 9 சதவீதம், 20 வருடம். மாதத் தவணை 22,493 ரூபாய். ஏழு வருடம், அதாவது 84 தவணை, ஒன்றுகூடத் தவறாமல் கட்டியிருந்தேன். (இடையில் வட்டி கொஞ்சம் ஏறி இறங்கியது. கணக்குப் புரிய வேண்டும் என்பதற்காக 9 சதவீதமே சீராக ஓடியதாக வைத்து எழுதுகிறேன். என் உண்மைக் கணக்கும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.)

அந்த ஏஜென்ட் எங்கள் தெருவில் ஏற்கெனவே இரண்டு பேருக்குக் கடன் மாற்றிக் கொடுத்தவர். வீட்டுக்கு வந்தார், காபி குடித்தார், ஒரு தாளில் எழுதியும் காட்டினார். "அண்ணா, இப்ப 9 கட்டுறீங்க, அங்க எட்டரைதான். மாசத் தவணை 22,493-ல இருந்து 17,914-க்கு வந்துடும். மாசம் நாலாயிரத்து ஐந்நூறுக்கு மேல மிச்சம். அக்காவுக்குச் சீட்டுப் போடக்கூட ஆகும்" என்றார். என் மனைவி நேராகவே கேட்டார்: "மீதி 13 வருஷம் அப்படியேதான தம்பி?" "அதெல்லாம் மாறாதுக்கா, வட்டி மட்டும்தான் மாறுது" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தப் பதிலைத்தான் நாங்கள் நம்பினோம். கையெழுத்துக்கு வந்த விண்ணப்பத்தில் காலம் எழுத வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. "பேங்க்ல சிஸ்டம்ல இருந்து எடுத்து நிரப்பிக்குவாங்க, காப்பி கூரியர்ல வரும்" என்றார். ப்ராசஸிங் ஃபீஸ், வக்கீல் ஃபீஸ், வீட்டு மதிப்பீடு, பத்திரத்தை அடமானம் வைத்ததைப் பதிவு செய்யும் செலவு, அவருடைய கமிஷன் எல்லாம் சேர்த்து 46,300 ரூபாய் என் கையில் இருந்து போனது.

கூரியர் வரவே இல்லை. நானே கேட்டுக் கேட்டு வாங்கிய தவணை அட்டவணையில் கடைசி வரிசை எண் 240 என்று இருந்தது. மீதி இருந்த 156 தவணையை மறுபடி 240 ஆக்கியிருக்கிறார்கள். ஏழு வருடம் கட்டாதவன் போல முதலில் இருந்து.

இது ஏன் இவ்வளவு பெரிய அடி என்பது தவணைக் கணக்கு தெரிந்தால்தான் புரியும். பேங்கில் யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை. அதனால் என் எண்களை வைத்தே சொல்கிறேன்.

பேங்க் ஒவ்வொரு மாதமும் முதலில் பார்ப்பது ஒன்றே ஒன்றைத்தான்: இன்றைக்கு எவ்வளவு அசல் பாக்கி? வருடத்திற்கு 9 சதவீதம் என்றால் மாதத்திற்கு 0.75 சதவீதம். முதல் மாதம் பாக்கி முழு 25 லட்சம், அதற்கு வட்டி 18,750 ரூபாய். நாம் கட்டும் 22,493-ல் இருந்து அந்த வட்டியை முதலில் எடுத்துக்கொள்வார்கள். மிச்சம் 3,743 ரூபாய்தான் அசலில் கழியும். அடுத்த மாதம் பாக்கி 24,96,257, வட்டி 18,722 ஆகிறது, அசலுக்கு 3,771 போகிறது. தவணை மாறாமல் இருக்க, வட்டி பைசா பைசாவாகக் குறைய, குறைந்த தொகை அசல் பக்கம் சேர்ந்துகொண்டே போகிறது. ஆரம்பத்தில் வட்டி அதிகம் போவது பேங்க் நம்மிடம் திருடுவதால் அல்ல. ஆரம்பத்தில் நாம் வைத்திருக்கும் கடன்தான் அதிகம். இதை நான் ஒத்துக்கொள்கிறேன். என் சண்டை அதற்கு இல்லை.

சரி, அந்த 22,493 எங்கே இருந்து வந்தது? இப்படி மாதா மாதம் வட்டியைக் கழித்து, மிச்சத்தை அசலில் கழித்துக்கொண்டே போனால், சரியாக 240-வது மாதம் பாக்கி பூஜ்யம் ஆக வேண்டும். அதற்குப் பொருந்தும் ஒரே தொகை அதுதான். சூத்திரம் இது:

```
EMI = P × r × (1+r)^n ÷ ((1+r)^n − 1)
```

P என்பது கடன் தொகை, r மாத வட்டி (9 சதவீதத்துக்கு 0.0075), n மாதங்களின் எண்ணிக்கை. கையால் போட வேண்டியதில்லை, எக்செலில் இதைத் தட்டினால் போதும்:

```
=PMT(0.09/12, 240, -2500000)
```

இப்போது ஏழு வருடக் கணக்கைப் பாருங்கள். 84 தவணையில் நான் கட்டியது ஏறத்தாழ 18 லட்சத்து 89 ஆயிரம். அதில் வட்டிக்குப் போனது 14 லட்சத்து 53 ஆயிரத்துக்கு மேல். அசலில் கழிந்தது 4 லட்சத்து 36 ஆயிரம்கூட முழுசாக இல்லை. பாக்கி 20,64,197 ரூபாய். என் கடனில் தவணையின் பாதிக்கு மேல் அசலுக்குப் போக ஆரம்பிப்பது 149-வது மாதத்தில், அதாவது 13-வது வருடத்தில்தான்.

ஆனால் அந்தக் கஷ்டமான பகுதியை நான் கட்டிக் கடந்திருந்தேன். பழைய கடனிலேயே இருந்திருந்தால் 85-வது தவணையில் 7,012 ரூபாய் அசலில் கழிந்திருக்கும். புதுக் கடனின் முதல் தவணை 17,914-ல் 14,621 வட்டி, அசலுக்கு 3,292 ரூபாய்தான். 25 லட்சம் வாங்கிய முதல் மாதத்தில்கூட இதைவிட அதிகம் கழிந்தது! பழைய இடத்தில் மீதி 13 வருடத்துக்கு நான் கட்ட வேண்டியிருந்த வட்டி 14 லட்சத்து 45 ஆயிரம். புது இடத்தில் 20 வருடத்துக்கு 22 லட்சத்து 35 ஆயிரம். வித்தியாசம் 7 லட்சத்து 90 ஆயிரம். அரை சதவீதம் குறைந்த வட்டியில்!

அவர் வாயால் சொன்ன மாதிரியே எட்டரை சதவீதத்தில் 13 வருடம் போட்டிருந்தால் தவணை 21,905 வந்திருக்கும். மாதம் 588 ரூபாய்தான் குறைந்திருக்கும். மொத்த லாபம் சுமார் 92 ஆயிரம், அதிலும் செலவு 46,300 போய்விடும். இந்த உண்மைக் கணக்கைக் காட்டினால் யாரும் கடனை மாற்ற மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் 17,914-ஐக் காட்டினார்.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, தயவுசெய்து நினைவில் வையுங்கள். 20,64,197-க்கு அரை சதவீதம் என்றால் மாதம் 860 ரூபாய். வட்டியில் 860 ரூபாய்தான் குறைகிறது என்றால் தவணை 4,579 ரூபாய் எப்படிக் குறையும்? மிச்சம் அசலில் இருந்துதான் குறைந்திருக்க வேண்டும், அதாவது காலத்தை நீட்டியிருக்கிறார்கள். வட்டி வித்தியாசத்தைவிடத் தவணை அதிகமாகக் குறைகிறது என்று யாராவது காட்டினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். ஏஜென்டுக்கு போன் போட்டால், "அண்ணா, என் வேலை ஃபைல் கொடுக்கிறது வரைக்கும்தான், பேங்க்ல கேளுங்க" என்றார். அதற்குப் பிறகு எடுப்பதே இல்லை. கிளையில் போய்க் கேட்டால், "ஏஜென்ட் வாய்மொழியா சொன்னதுக்கு நாங்க பொறுப்பில்ல சார், கையெழுத்து உங்களோடதுதான" என்கிறார்கள். காலியாக இருந்த கட்டத்தை யார் நிரப்பியது என்று கேட்டேன், மேனேஜர் மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லி உட்கார வைத்தார்கள். கஸ்டமர் கேரில் ஒரு பெண், "20 வருஷம்னா உங்களுக்கு நல்லதுதானே சார், மாசம் 4,500 மிச்சமாகுதே" என்றார். 7 லட்சத்து 90 ஆயிரம் அதிகம் கட்டச் சொல்லிவிட்டு நல்லது என்கிறார்கள்! காலத்தை 156 மாதமாக மாற்றித் தாருங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு வருடம் கழித்துப் புது விண்ணப்பமும் கட்டணமும் கொடுத்தால் பரிசீலிப்பார்களாம். மறுநாள் செல்லுக்கு "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று மெசேஜ் வந்தது.

46,300 திரும்ப வராது. 7 லட்சத்து 90 ஆயிரத்தை விடப் போவதில்லை. வீட்டுக் கடனில் மாறும் வட்டி என்றால், தனிநபரிடம் முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அதனால் பழைய தவணை அளவையே கட்டப் போகிறேன். ஆனால் முன்கூட்டிக் கட்டும் தொகை ஒரு தவணையைவிடக் குறைவாக இருந்தால் வாங்க மாட்டோம் என்கிறார்கள், ஆகவே மாதம் குறைந்த 4,579-ஐச் சேர்த்து வைத்து நான்கு மாதத்துக்கு ஒருமுறை அசலில் கட்டுவேன். இப்படிப் போனால் ஏறத்தாழ 150 மாதத்தில் கடன் முடிந்துவிடும்.

அந்த ஏஜென்ட் இன்னும் எங்கள் பகுதியில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறார். அதனால் அவசரமாகச் சில விஷயங்கள்.

கடனை மாற்றும் முன் உங்கள் பழைய பேங்கிலேயே வட்டியைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். சின்னக் கட்டணம் வாங்கிக்கொண்டு பல பேங்குகள் செய்து தருகின்றன, காலம் அப்படியே இருக்கும்.

2024 அக்டோபர் 1 முதல் வாங்கும் கடனுக்குக் கே.எஃப்.எஸ். என்னும் முக்கிய விவர அறிக்கையைக் கையெழுத்துக்கு முன்பே, நமக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். அதில் வட்டியைப் பார்ப்பதற்கு முன் தவணைகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். காலிக் கட்டம் இருந்தால் பேனாவைத் தொடாதீர்கள்.

அசலில் கூடுதலாகக் கட்டும்போது "தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள்" என்று எழுதிக் கொடுத்து, சீல் வைத்த நகல் வாங்குங்கள். இல்லையென்றால் தவணையைக் குறைத்துவிட்டுக் காலத்தை அப்படியே வைத்துவிடுவார்கள்.

புகாரை எழுத்தில் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லை என்றாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு cms.rbi.org.in தளத்தில் கட்டணம் இல்லாமல் புகார் செய்யலாம். எனக்கு வந்த அந்த "தீர்க்கப்பட்டது" மெசேஜையும் சேர்த்து நான் அங்கே அனுப்பப் போகிறேன்.