600 கிலோவும் இறம்பொடை ஏற்றமும்: ஹைலக்ஸா, பொலேரோவா?

கம்பளையில் அரிசி, மா, சீனி ஏற்றி, இறம்பொடை வழியாக லபுக்கலைக்கு மேலே இருக்கும் ஊர்க்கடைக்குக் கொண்டுபோக வேண்டும். திரும்பி இறங்கும்போது கரட்டும் லீக்ஸும் வரும். கடைக்காரர் தேடிய பிக்கப்புக்கு இதுதான் வேலை. நடைக்கு 600 கிலோ, வாரத்துக்கு இரண்டு நடை. கைக்காசுக்குள் அகப்பட்டவை இரண்டு வண்டிகள். ஒன்று 1996ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் சிங்கிள் கெப், மற்றது 2013ஆம் ஆண்டு மஹிந்திரா பொலேரோ பிக்கப். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழைய வண்டிக்கெல்லாம் விலை ஏறிப்போனதால், வயதில் 17 வருட வித்தியாசம் இருந்தும் இரண்டுக்கும் கேட்ட விலை ஏறக்குறைய ஒன்றுதான்.

துணைக்கு வந்த மச்சான் தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டிப் பழகியவர். எந்த வண்டியையும் நம்பாதவர். "ஓட்டிப் பாக்கிறதுன்னா சாமானோட ஓட்டிப் பாக்கணும் மச்சான். வெறும் வண்டி எல்லாம் நல்லாத்தான் ஏறும்" என்று 25 கிலோ அரிசி மூடைகள் 24ஐ இரண்டிலும் மாறி மாறி ஏற்ற வைத்தார். அதே சுமை, அதே பாதை, அதே ஓட்டுநர். இப்படிச் செய்யாவிட்டால் ஒப்பிட்டுப் பார்ப்பதில் பொருளில்லை.

இரண்டு இடத்திலும் விற்பவரிடம் பேசும் முன் மச்சான் கையை வைத்தது பொனெட்டில்தான். ஹைலக்ஸ் காலை ஆறரைக்கே சூடாக இருந்தது. டீசல் எஞ்சினின் குறை குளிரில்தான் வெளியே தெரியும் என்பதால், முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வைப்பது பழைய வித்தை. "ஆறட்டும், தேத்தண்ணி குடிச்சிட்டு வாறோம்" என்று இரண்டு மணிநேரம் காத்திருந்தார்கள். ஆறிய பிறகு ஸ்டார்ட் பண்ணியதும் வெள்ளைப் புகை வந்தது. அதில் டீசல் நாற்றம் அடித்தது, அரை நிமிடத்தில் நின்றும் போனது. அப்படியென்றால் குளோ பிளக் ஒன்றிரண்டு செத்திருக்கிறது, சின்னச் செலவு. புகை நிற்காமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டு போனால் அது ஹெட் பக்கத்துப் பிரச்சினை, பெரிய செலவு. ஓடும் எஞ்சினில் ஒயில் மூடியைக் கழற்றி, தலைகீழாக அதே துளை மேல் வைத்தார்கள். லேசாக ஆடியது, தூக்கி எறியப்படவில்லை. ரிங் இன்னும் பிடித்துத்தான் இருக்கிறது. பொலேரோவிலும் அப்படியே.

இனி ஏற்றம். காகிதத்தில் பார்த்தால் குதிரைவலு ஹைலக்ஸுக்குத்தான் அதிகம். அதிலிருப்பது 2.8 லீட்டர், டர்போ இல்லாத எஞ்சின். பொலேரோவில் 2.5 லீட்டர்தான், ஆனால் டர்போ உண்டு. கம்பளையில் இந்த வித்தியாசம் தெரியாது, மேலே போகப் போகத்தான் தெரியும். நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் தானாக உறிஞ்சும் காற்றை மட்டும் நம்பியிருப்பதால் அதன் பலமும் ஏறக்குறைய அதே அளவு குறைகிறது. டர்போவோ மெல்லிய காற்றையும் அமுக்கி உள்ளே தள்ளி, இழந்ததில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும்.

பாதையில் நடந்ததும் இதுதான். இறம்பொடையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஹைலக்ஸ் இரண்டாம் கியரிலேயே கத்திக்கொண்டு ஏறியது. மூன்றுக்குப் போட்டால் சுருதி இறங்கிவிடும். லபுக்கலைத் தேயிலைத் தொழிற்சாலையைத் தாண்டும்போது கறுப்புப் புகையும் வந்தது. "மலைக் காத்துக்கு அப்படித்தான்" என்றார் விற்பவர். பாதி உண்மை. பம்ப் அனுப்பும் டீசல் குறையாமல் காற்று மட்டும் குறைந்தால் மிச்ச டீசல் கரியாகத்தான் வெளியேறும். மற்றப் பாதியைத் தெரிந்துகொள்ளக் கம்பளைப் பள்ளத்தில் வந்த புகையைப் பார்க்க வேண்டும். அங்கேயும் கறுத்திருந்தால் இஞ்செக்டரோ எயர் பில்டரோ காரணம். இந்த வண்டி கீழே சுத்தமாகவே ஓடியது.

பொலேரோ வளைவுகளை மூன்றாம் கியரில், எஞ்சினைக் கத்தவிடாமல் எடுத்தது. குறைந்த சுற்றிலேயே இழுவை கிடைப்பதுதான் காரணம். கடைக்காரர் முகம் மலர்ந்த நேரத்தில், லபுக்கலைக்குக் கொஞ்சம் கீழே வண்டி சோர்ந்தது. பின்னால் கறுப்புப் புகை, பொனெட்டுக்குள் "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். "டர்போ போச்சு. இந்தியன் வண்டி வேணாம்னு நேத்தே சொன்னேனே!" மச்சானுக்கு அதில் ஒரு திருப்திகூட.

ஆனால் டர்போ போனால் வழக்கமாகத் தெரியும் அடையாளம் வேறு. சீல் தேய்ந்து ஒயில் எரிந்தால் புகை நீலம். உள்ளே தண்டு ஆடினால் ஊளைச் சத்தம். இங்கே இரண்டும் இல்லை. எஞ்சின் ஆறியதும் மச்சானே விரலால் தடவிப் பார்த்தார். டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்றுப் போகும் ரப்பர் குழாயில், கிளிப் ஓரமாக, ஒயில் படிந்த ஒரு வெடிப்பு. அமுக்கிய காற்று அதன் வழியே ஓடிவிட, டர்போ இருந்தும் இல்லாத கதைதான். குழாயையும் கிளிப்பையும் மாற்றினால் போதும்.

இறக்கத்தில் ஹைலக்ஸ் ஜெயித்தது. மூடைகளோடு இரண்டாம் கியரில் விட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்து வைத்தது, பிரேக்கை அடிக்கடி தொட வேண்டியிருக்கவில்லை. பொலேரோ பிரேக்கையே நம்பி இறங்கியது. இறம்பொடையில் நிறுத்தி, வீல்களைத் தொடாமல் அருகே கையை நீட்டிச் சூடு பார்த்தார்கள். மூன்று சூடாக இருக்க, பின் இடது வீல் மட்டும் குளிர்ந்து கிடந்தது. மற்றதைவிட ஒரு வீல் மிகச் சூடாக இருந்தால் பிரேக் இறுகிக் கிடக்கிறது. குளிர்ந்திருந்தால் அது பிடிக்கவே இல்லை. டயரின் உள்பக்கச் சுவரில் ஈரக்கோடு. வீல் சிலிண்டர் ஒழுகுகிறது. பூஸ்டரையும் அங்கேயே பார்த்தாயிற்று. எஞ்சினை நிறுத்திப் பெடலை ஐந்தாறு தரம் மிதித்து, அழுத்தியபடியே ஸ்டார்ட் பண்ணினால் பெடல் சற்று உள்ளே இறங்க வேண்டும். இறங்கியது.

இதுவரைக்கும் மச்சான் ஹைலக்ஸ் பக்கம். வண்டிக்கடியில் படுக்கும்வரைக்கும்தான். பின் ஸ்பிரிங் பிளேட் மாட்டும் இடத்தில் சேசி முழுக்கப் புதுத் தார் பூச்சு. ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போனார். "டிங், டிங்" என்று வந்த சத்தம் அந்த இடத்தில் "டப்" என்றது. முனையால் குத்தியதும் தார் உதிர்ந்து, அடியில் ஒட்டுத் தகடும் துருவும். முன்பு கடற்கரைப் பக்கம் ஐஸ் மீன் ஏற்றிய வண்டியாம். உப்புத் தண்ணீர் சேசிப் பெட்டிக்குள் இறங்கினால் உள்ளிருந்துதான் அரிக்கும். 600 கிலோவின் பெரும்பாரம் தாங்குவது அந்த இடத்தில்தான். தகடு வைத்து ஒட்டினாலும் அடுத்த வெடிப்பு ஒட்டின் ஓரத்தில் வரும்.

பொலேரோவின் சேசி முழுக்க மேல்துரு மட்டும், எங்கும் ஒரே சத்தம்.

வண்டியின் பெயருக்கு இந்தத் தேர்வில் அதிக வேலை இல்லை. ஹைலக்ஸின் குறை கழற்றி மாற்ற முடியாத உறுப்பில், பொலேரோவின் குறைகள் கழற்றி மாற்றக்கூடியவற்றில். இதே ஹைலக்ஸ் உப்புப் படாத சேசியோடு வந்திருந்தால், மரக்கறி இறக்குவதே முக்கிய வேலை என்பவருக்கு அதுதான் நல்ல வண்டி. வேகம் குறைவு, இரண்டாம் கியர் சத்தத்தைச் சகிக்க வேண்டும், அவ்வளவே. ஒன்று மட்டும்: அந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் உண்டு. மாற்றிய கணக்கு இல்லையென்றால் வாங்கிய கையோடு மாற்ற வேண்டும்.

பொலேரோவுக்கு விலை பேசும்போது மச்சான் குழாய், இரண்டு பின் வீல் சிலிண்டர், பிரேக் லைனிங் செலவைக் கழிக்கச் சொன்னார். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி இழுக்கும் என்பதால் சிலிண்டருக்கு இரட்டைக் கணக்கு. விற்பவர் சரி என்றதும் சி.ஆர். புத்தகத்தை வாங்கிச் சேசி நம்பரை ஒத்துப் பார்த்தார். நம்பர் சரி. ஆனால் லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் அதில் இருந்தது.

"கட்டி முடிச்சாச்சு அண்ணே, கடிதம் மட்டும் வரணும்."

"வரட்டும், காசும் அப்பவே வரும்" என்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மூடைகளை இறக்கப் போனார் மச்சான்.