பூட்டா, கணக்கு நோட்டா? பிராடர்-வில்லி பிள்ளை உள்ள வீட்டின் அனுபவம்

என் மகளுக்கு எட்டு வயது. பிராடர்-வில்லி குறைபாடு. 15ஆவது குரோமோசோமில் அப்பாவிடமிருந்து வரவேண்டிய ஒரு பகுதி இல்லாமல் போனாலோ, வேலை செய்யாமல் போனாலோ வருவது. பிறந்தபோது பால் உறிஞ்சக்கூடத் தெம்பில்லாமல் துவண்டு கிடந்தவள், ஆறு வயது தாண்டியதும் எந்நேரமும் பசி பசி என்றாள். வயிறு நிறைந்த செய்தி மூளையில் பதிவதே இல்லை. புத்தி சொல்லித் திருத்துகிற விஷயம் இல்லை இது.

வீட்டில் இரண்டு ஏற்பாடுகளையும் பார்த்தாயிற்று. சமையலறையைத் திறந்து வைத்து, தின்பதையெல்லாம் நோட்டில் எழுதுவது ஒன்று. சமையலறையைப் பூட்டுவது இன்னொன்று. நான் பூட்டின் பக்கம்.

எதைத் தேர்ந்தாலும் முதலில் அளவு தெரியவேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் அட்டவணை 7 முதல் 9 வயதுக்கு நாளுக்கு 1700 கலோரி என்கிறது. இவளுக்குத் தசை குறைவு, ஓட்டமும் குறைவு, செலவாகும் சக்தியும் குறைவு. அதனால் டயட்டீஷியன் வயதை விட்டுவிட்டு உயரத்தைப் பிடித்தார்: எடை ஏறாமல் நிற்க, சென்டிமீட்டருக்குச் சுமார் 10 கலோரி. அப்போது 112 செ.மீ. இருந்தாள், ஆக 1120. இவ்வளவு குறைந்த சாப்பாட்டில் புரதமும் நார்ச்சத்தும் நிறைய இருக்கவேண்டும். கால்சியமும் வைட்டமின் டி-யும் மருந்தாகத் தனியாகக் கொடுக்கிறோம்.

நோட்டு முறை நான்கு மாதம் ஓடியது. பக்கம் பக்கமாக 1100, 1130 என்று அழகாக இருந்தது. ஆனால் கடைசி இரண்டு மாதத்தில் எடை இரண்டு கிலோ ஏறிவிட்டது. வளர்ச்சிக்கான கால் கிலோவைக் கழித்துவிட்டு டயட்டீஷியன் கணக்குப் போட்டார். ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7700 கலோரி மிஞ்சவேண்டும். அப்படியானால் நோட்டில் ஏறாமல் நாளுக்கு 200 கலோரிக்கு மேல் உள்ளே போயிருக்கிறது. கட்டிலுக்கடியில் தேடினேன். பொட்டுக்கடலை டப்பா கிடந்தது, முக்கால்வாசி காலி. நோட்டு சரியாக இருந்து எடை மட்டும் ஏறினால், கணக்கைக் குறைக்காதீர்கள். ஓட்டை எங்கே என்று தேடுங்கள். குறைத்திருந்தால் அவள் இன்னும் அதிகமாகத் திருடியிருப்பாள்.

ஆனால் என்னைப் பூட்டின் பக்கம் திருப்பியது எடை அல்ல, அவள் மனசு. திறந்த சமையலறை என்றால், கிடைக்குமோ கிடைக்காதோ என்று நாள் முழுக்க அவளுக்கு அலைபாய்ச்சல். "அம்மா, மத்தியானம் என்ன? எத்தனை மணிக்கு?" ஒரு காலையில் நாற்பது தடவை. பூட்டோடு கூடவே ஒரு படப் பலகையும் மாட்டினோம்: 7.45, 10.30, 1 மணி, 4.30, 7.30, ஒவ்வொன்றுக்கும் நேராக அன்றைய சாப்பாட்டின் படம். சொன்ன நேரம், சொன்ன பண்டம், அதற்குமேல் எதுவும் இல்லை. முதல் வாரம் அழுகையும் கத்தலும். மூன்றாம் வாரம் ஒருநாள் பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள், பலகையை ஏறிட்டாள், "நாலரைக்கு சுண்டல்" என்று சொல்லிவிட்டு வரைய உட்கார்ந்தாள். அன்றைக்குத்தான் அந்தப் பூட்டு அவளுக்கும் நிம்மதி என்று புரிந்தது.

பூட்டின் தொல்லை சாவிதான். அது ஒரே ஒரு நாள் கதவில் தொங்கினாலும் மறுபடி நம்பிக்கை முளைக்கும், பழைய அலைச்சல் திரும்பும். என் அத்தை முதலில் "பெத்த பிள்ளைக்கு அடுப்படியைப் பூட்டுவியா?" என்று கண் கலங்கினார். இப்போது இடுப்புச் சாவி அவரிடம்தான். ஃபிரிட்ஜ், குப்பைக் கூடை, விருந்தாளியின் கைப்பை எல்லாமே பூட்டவேண்டிய கணக்கில் சேரும். இந்தப் பிள்ளைகளுக்கு வாந்தி எளிதில் வராது, வலியும் குறைவாகத்தான் தெரியும். அதனால் அளவுமீறித் தின்றபின் வயிறு உப்பினாலோ, வாந்தி எடுத்தாலோ காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

வளர்ச்சியைப் பொறுத்தவரை, பூட்டு மட்டும் போதாது. எடை நின்றது என்று மகிழ்ந்து உயரத்தை மறந்தால், குறைவாகப் போட்டுப் பிள்ளையின் வளர்ச்சியையே நிறுத்திவிடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரில் நிறுத்தி அளக்கிறோம். பொது வரைபடத்திலும் இந்தக் குறைபாட்டுக்கென்றே உள்ள வரைபடத்திலும் டாக்டர் புள்ளி வைக்கிறார். வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடுகிறோம். ஆரம்பிக்கும் முன் தூக்கத்தில் மூச்சுத் தடை இருக்கிறதா என்று சோதித்தார்கள். இப்போது 116 செ.மீ. உயரம் ஏறியதால் அளவும் ஏறியது: 1160. கூடிய நாற்பது கலோரி ஒரு சின்ன இட்லி. அதைப் பலகையில் அவளே ஒட்டினாள்.

பள்ளியில் இந்தப் பூட்டு இல்லை. டீச்சர் ஒருவரின் கண்பார்வைதான் பூட்டு. பதின்வயதில், கையில் காசு வந்தபின் இது எப்படி நிற்கும் என்பதை இன்னும் நான் பார்க்கவில்லை. இப்போதைக்கு பள்ளிப் பை தினமும் வாசலிலேயே திறந்து பார்க்கப்படுகிறது, அவளும் அதற்குக் கை நீட்டிக் காட்டுகிறாள்.